இரும்புச் சட்டியின் கறுப்பு தலைக்கு ஏறுமா?

இரவு படுக்கப் போகுமுன் நெல்லிக்காய்ப் பொடியைத் தேநீர் டிகாஷனில் குழைத்து இரும்புச் சட்டியில் மூடி வைத்துவிட்டால், காலையில் சட்டிக்குள் மை போன்ற கறுப்பு காத்திருக்கும். தொட்ட கரண்டி கறுக்கும், விரலில் பட்டால் நகக்கண்ணில் இரண்டு நாள் நிற்கும். நரைக்கு வழி தேடுகிறவருக்கு அந்தக் கறுப்பைப் பார்த்ததுமே பாதி நம்பிக்கை வந்துவிடும். அதைத் தலையில் பூசி, இரண்டு மணி நேரம் பொறுத்திருந்து, அலசித் துவட்டிக் கண்ணாடி முன் நின்றால் நரை அப்படியேதான் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் வெள்ளை கொஞ்சம் மங்கிச் சாம்பல் பூத்திருக்கலாம். துண்டில் ஏறிய கறுப்பு தலையில் ஏறவில்லை.

பொடி கலப்படமோ, செய்த விதம் தவறோ என்று பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் இரண்டும் இல்லை. நெல்லியும் செம்பருத்தியும் முடிக்கு நல்லது செய்யக்கூடியவை. ஆனால் நிறம் ஏற்றுவது அவற்றின் வேலை அல்ல. எந்தப் பொடி எதைச் செய்யும் என்று தெரிந்துகொண்டால் ஏமாற்றமும் குறையும், இருக்கிற பலனையும் முழுதாகப் பெறலாம்.

சட்டியில் கறுப்பு எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். நெல்லிக்காயை மென்றால் நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு இருக்கிறதே, அதைத் தருவது டானின் என்ற பொருள். தேயிலையிலும் கடுக்காயிலும் மாதுளைத் தோலிலும் அதே வகைப் பொருள்கள் உண்டு. புளிப்பான நெல்லிக் கரைசல் இரும்பை மெல்ல அரித்து எடுக்கிறது. கரைந்த இரும்பு டானினோடு சேர்ந்து, காற்றுப் பட்டதும் கறுக்கிறது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பத்திரங்கள் எழுதப்பட்ட மையும் இந்தச் சேர்க்கையில் பிறந்ததுதான்.

நமக்குப் பக்கத்து எடுத்துக்காட்டு கலம்காரி. காளஹஸ்தியில் கலம்காரி எழுதுகிறவர்கள் துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்திக்கொள்கிறார்கள். பழைய இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் தண்ணீரில் புளிக்க வைத்து இரும்புத் தண்ணீர் தயாரிக்கிறார்கள். மூங்கில் எழுதுகோலை அதில் தோய்த்துக் கோடு இழுத்தால் துணி கறுக்கிறது, துவைத்தாலும் போவதில்லை. இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். துவர்ப்பு முதலில் நூலுக்குள் ஊறிவிடுகிறது. இரும்பு பின்னால் வந்து சேர்கிறது. அதனால் கறுப்பு நூலுக்குள்ளேயே உருவாகி அங்கேயே தங்கிவிடுகிறது.

சட்டியில் நடப்பது தலைகீழ். இரும்பும் துவர்ப்பும் இரவெல்லாம் ஒன்றாகக் கிடந்து, முடியைத் தொடுமுன்பே கறுப்பாகிவிடுகின்றன. அந்தக் கறுப்பு தண்ணீரில் கரையாத நுண்துகள். முடிக்குள் நுழைய வழியில்லாமல் மேலே படிகிறது, அலசினால் பெரும்பங்கு போய்விடுகிறது. இன்னும் கறுக்காமல் மீந்திருந்த கொஞ்சம் கரைசல் மட்டும் முடியில் ஊறி, அங்கே காற்றுப் பட்டு நிறம் மாறுகிறது. நரையில் தெரிகிற சாம்பல் சாயல் அதனால் வருவது. வாரம் ஒரு முறை என்று தொடர்ந்து பூசினால் அது சற்று அழுத்தமாகலாம், நாலைந்து குளியலில் மங்கவும் செய்யும். இரும்புச் சட்டியிலிருந்து எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவுதான்.

இரும்பே இல்லாமல், எவர்சில்வர் கிண்ணத்தில் குழைத்த நெல்லிப்பொடி என்ன செய்யும்? நிறம் என்று சொல்லும்படி எதுவும் தராது. ஆனால் முடியின் அமைப்பில் ஒரு வேலை செய்யும். ஒவ்வொரு முடியின் மேலும் மீன் செதில்போல அடுக்கடுக்கான மெல்லிய தகடுகள் உண்டு. சோப்பும் உப்புத் தண்ணீரும் அந்தச் செதில்களைக் கிளப்பிவிடுகின்றன. கிளம்பிய செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதால் சிக்கு விழுகிறது. நெல்லியின் புளிப்பு அவற்றைப் படிய வைக்கிறது. துவர்ப்புப் பொருள் முடியின் மேல் மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொள்கிறது. அதனால் ஒல்லி முடி சற்றுத் தடித்ததுபோலத் தோன்றும், சுருட்டை முடியில் சுருள் எடுப்பாக நிற்கும். அடுத்த சில குளியல்கள் வரை இது நீடிக்கும். நெல்லியில் வைட்டமின் சி நிறைய இருப்பது உண்மைதான். ஆனால் வேரிலிருந்து வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாத இழை. அதன் மேல் பூசிய வைட்டமின் உரமாவதில்லை, நரைத்த முடி திரும்பக் கறுப்பதும் இல்லை.

துவர்ப்புக்கு ஒரு எல்லை உண்டு. பச்சைத் தோலைப் பதப்படுத்தித் தோற்பொருளாக்குவதும் இதே வகைப் பொருள்தான் என்றால் ஏன் என்று புரியும். வாரத்துக்கு இரண்டு முறை நெல்லி விழுது போட்டு, அது காய்ந்து தலையை இழுக்கும்வரை விட்டால் முடி வறண்டுபோகும். காய்ந்த முடியை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தால் வைக்கோல்போலச் சரசரக்கும், சீப்பு பாதியில் நிற்கும். அப்படியானால் அளவு மீறிவிட்டது என்று பொருள். 15 நாளுக்கு ஒரு முறை, அரை மணி நேரம், ஈரம் காயாமல். சாதாரண முடிக்கு அது போதும். ஏற்கெனவே வறண்ட முடிக்காரர் நெல்லியைத் தனியாகப் போடாமல் செம்பருத்தியோடு சேர்த்துக்கொள்வது நல்லது.

செம்பருத்தியின் குணம் நேர் எதிரானது. நெல்லி இறுக்கும், செம்பருத்தி வழுக்கும். இலையைத் தண்ணீரில் கசக்கினால் வெண்டைக்காய்போல ஒரு கொழகொழப்பு வருகிறது. வெண்டையும் செம்பருத்தியும் ஒரே குடும்பத்துச் செடிகள். இந்தக் கொழகொழப்பு முடிமேல் படர்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, சீப்பு வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. கேரளத்தில் தாளி என்று சொல்லித் தலைக்குத் தேய்ப்பது இந்த இலைச் சாறுதான். கடையில் வாங்கும் கண்டிஷனரைப்போல இது பல நாள் நிற்காது. தண்ணீரில் கரைகிற பொருள் என்பதால் அடுத்த முறை தலைக்குக் குளிக்கும்போது போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

வழுவழுப்பு வேண்டுமென்றால் பூவை விட இலை மேல். கைப்பிடி இலையை ஒரு குவளைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, நன்றாகக் கசக்கி, மெல்லிய துணியில் வடிகட்டினால் போதும். பொடியாக இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி. அதையும் ஊற வைத்து வடிகட்டத்தான் வேண்டும். வடிகட்டாமல் பூசினால் இலைத் துணுக்குகள் முடிக்குள் சிக்கிக்கொள்ளும். அவற்றை எடுக்கப் போய் இழுத்துச் சீவினால், வழுவழுப்புக்காகச் செய்தது முடி உதிர்வதில் முடியும்.

செம்பருத்திப் பூவின் சிவப்பு முடிக்கு ஏறுமா என்று கேட்பவர்கள் அடுப்படியிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நாலைந்து இதழ்களை வெந்நீரில் போட்டு வடிகட்டிய நீரை இரண்டு கண்ணாடிக் குவளையில் ஊற்றவும். ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்ற இளஞ்சிவப்பு. மற்றதில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் நீலமும் பச்சையுமாகத் திரும்பிவிடும். புளிப்புக்கு ஒரு நிறம், காரத்துக்கு ஒரு நிறம் என்று மாறுகிற சாயம் அது. முடியோடு அதற்குப் பிணைப்பும் கிடையாது. கறுப்பு முடியில் தெரியவே தெரியாது. தும்பைப்பூ நரையில் ஒரு மெல்லிய சாயல் விழுந்தாலும் அடுத்த அலசலில் போய்விடும். ஆகவே பூப்பொடியை நிறத்துக்கென்று அதிக விலை கொடுத்து வாங்குவது வீண். பெயர்க் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. இலங்கையில் செவ்வரத்தை என்று சொல்லும் வேலிச் செம்பருத்திதான் தலைக்குப் பயன்படுவது. சிவப்புத் தேநீர் போடும் செம்பருத்தி என்று விற்கப்படுவது பெரும்பாலும் புளிச்சகீரை இனத்தைச் சேர்ந்த வேறு செடியின் புல்லிவட்டம்.

அப்படியானால் நிறம் எங்கிருந்து வரும்? மூலிகைப் பொடிகளில் முடியோடு உண்மையாகவே பிணைந்து நிற்கிற நிறம் மருதாணியுடையது. அதன் இலையில் இருக்கும் லாசோன் என்ற சாயம் முடியின் புரதமான கெரட்டினோடு சேர்ந்துவிடுகிறது. கழுவினால் போவதில்லை. ஆனால் அது தருவது ஆரஞ்சுச் சிவப்பு மட்டுமே. கறுப்பு முடியை அது வெளுக்காது, நரையை மட்டும் செம்பட்டையாக்கும். அந்தச் செம்பட்டையைக் கொஞ்சம் அடக்கிப் பழுப்புப் பக்கம் கொண்டுபோகத்தான் நெல்லி. எலுமிச்சை பிழிந்து மருதாணி குழைக்கிறவர்கள் அதற்குப் பதில் நெல்லியைச் சேர்த்தால், சாயம் இறங்கத் தேவையான புளிப்பும் கிடைக்கும், பளீரென்ற ஆரஞ்சும் தணியும்.

தோள்வரை முடியுள்ள ஒருவர், முன்னந்தலையிலும் காதோரத்திலும் கால்வாசி நரை என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வேண்டியது அடர்ந்த சாயமல்ல, நரை பளிச்சென்று தெரியாத அளவுக்கு ஒரு சாயல். மருதாணிப் பொடி 100 கிராம், நெல்லிப்பொடி 25 கிராம் எடுத்துக்கொள்கிறார். நாலுக்கு ஒன்று என்ற அளவு. நெல்லி இதற்கு மேல் போனால் சாயமும் குறையும், முடியும் வறளும். வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, இட்லி மாவை விடச் சற்றுக் கெட்டியாகக் குழைக்கிறார். கொதிக்கிற தண்ணீர் கூடாது. மூடி வைத்து, கோடையில் நாலைந்து மணி நேரம், மார்கழிக் குளிரில் இரவு முழுதும் விடுகிறார். சாயம் இறங்கியதா என்று பார்க்கக் கடிகாரத்தை விட விழுதே நல்ல சாட்சி. மேற்புறம் பழுப்பாகி, கரண்டியால் கிளறினால் உள்ளே பச்சையாக இருக்க வேண்டும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடத்தில் துடைத்தால் ஆரஞ்சு தெரிய வேண்டும்.

இடைப்பட்ட நேரத்தில் அவர் செய்கிற ஒரு சின்ன வேலை, பின்னால் பெரிய வருத்தத்தைத் தவிர்க்கும். சீப்பில் வந்த நரைமுடிகளை இரண்டு நாளாகச் சேர்த்து, நுனியில் நூல் கட்டி ஒரு சிறு கற்றையாக வைத்திருக்கிறார். தயாரான விழுதில் அதைப் புதைத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஒன்றரை மணி நேரம் கழித்து அலசி உலர்த்துகிறார். வருகிற நிறம் பிடித்தால்தான் தலைக்கு. அதிகச் சிவப்பாகத் தெரிந்தால் தலையில் வைக்கும் நேரத்தை முக்கால் மணியாகக் குறைக்கலாம். மீந்த விழுதைக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வைத்தால் சாயம் கெடாமல் இருக்கும்.

தலைக்குப் போடும் நாளில் எண்ணெய்ப் பசையில்லாமல் அலசிக்கொள்கிறார். எண்ணெய் இருந்தால் சாயம் பிடிக்காது. இலைச்சாற்றை வடிகட்டி நாலைந்து கரண்டி விழுதில் கலக்கிறார். அதனால் விழுது முடியில் வழுக்கிப் பரவுகிறது, கழுவும்போதும் எளிதில் வருகிறது. வகிடு வகிடாகப் பிரித்துப் பூசி, பழைய பிளாஸ்டிக் உறையால் மூடிக்கொள்கிறார். விழுது காய்ந்தால் சாயம் இறங்குவது நின்றுவிடும், உரிக்கும்போது முடி அறுபடும். ஈரம் தலையில் நின்றால் நீர் கோத்துக்கொள்கிற உடம்பு என்றால் வெயில் ஏறிய பிறகு, ஒரு மணி நேரத்தோடு முடித்துக்கொள்ளலாம். நிறம் சற்று வெளிறியிருக்கும், அவ்வளவே. அலசும்போது வெறும் தண்ணீர். ஒரு வாளியில் தலையைத் தாழ்த்தி அசைத்தால் பெரும்பகுதிப் பொடி அதிலேயே இறங்கிவிடும். சீயக்காயும் ஷாம்பூவும் இரண்டு நாள் கழித்து.

அன்று மாலை கண்ணாடியில் தெரிவது காரட் நிறம். பலர் பயந்துபோய் மறுநாளே கடைச் சாயத்தை மேலே பூசுவது அப்போதுதான். காத்திருந்தால் இரண்டு மூன்று நாளில் காற்றுப் பட்டு அது இறங்கி, செம்புப் பழுப்பாகும். கறுப்பு முடியோடு கலந்து பார்க்கும்போது நரை இருந்த இடங்கள் வெயிலில் மின்னும் செம்பட்டைக் கீற்றுகளாகத் தெரியும், நிழலில் அவ்வளவு தெரியாது. அதற்கு மேல் கறுப்பு வேண்டுமென்றால் அவுரிதான் வழி. அது நீலம் தரும் இலை, மருதாணிச் சிவப்பின் மேல் ஏறினால் கருமையாகும். ஆனால் அப்போது அது மெல்லிய சாயலாக இருக்காது, முழுச் சாயம் போட்டதுபோலாகிவிடும்.

பொடி வாங்குகிற இடத்திலேயே பாதித் தவறுகள் நடந்துவிடுகின்றன. நாட்டு மருந்துக் கடையில் நெல்லிமுள்ளி என்று கேட்டால் உலர்ந்த நெல்லிக்காய் கிடைக்கும். அதை வீட்டில் இடித்து, துணியில் சலித்து எடுப்பது எல்லாவற்றிலும் உத்தமம். கடைப்பொடி என்றால் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்க்கலாம். முதலில் புளிப்பு, பிறகு துவர்ப்பு. மேலே தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிக்க வேண்டும். நெல்லிக்காயைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த சோதனை இது. பொடியைக் கண்ணாடிக் குவளையில் கலக்கி வைத்தால் மணல் இருந்தால் அடியில் தங்கும். மருதாணிப் பொடி கிளிப்பச்சையாகப் பளபளத்தால் சந்தேகப்பட வேண்டும். ஈர வெள்ளைத் துணியில் தூவியதும் பச்சை ஒழுகினால் அது சேர்த்த நிறம்.

மிகவும் கவனிக்க வேண்டியது, மூலிகை என்று மேலட்டையில் எழுதி, 20 நிமிடத்தில் கறுப்பாக்கும் பொட்டலங்களை. எந்த இலையும் அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு கறுப்பைத் தராது. பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் பாராஃபினைலின்டைஅமின் அல்லது பி.பி.டி. என்று இருந்தால் கறுப்பு அதிலிருந்து வருகிறது. அது சிலருக்கு உச்சந்தலை அரிப்பிலிருந்து கண்ணிமையும் முகமும் வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். ஒரு முறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு எப்போது போட்டாலும் ஒத்துக்கொள்ளாது. தூய மூலிகைக்கும் ஒவ்வாமை வரலாம். எனவே எந்தக் கலவையாக இருந்தாலும் முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தடவி 48 மணி நேரம் பார்ப்பது நல்லது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களும் அப்படிப்பட்ட குழந்தைகளும் மருதாணியைத் தொடவே கூடாது. அவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைக்கக்கூடும்.

இரும்புச் சட்டி விழுதைத் தொடர்ந்து போடுகிறவர்கள் அழகு நிலையத்தில் முடியை வெளுக்கவோ ரசாயனச் சாயம் போடவோ போனால், முன்கூட்டியே அதைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சாயங்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. முடியில் தங்கிய இரும்பு அதோடு வேகமாக வினைபுரிந்து முடியைச் சூடேற்றி நொறுக்கிவிடும். வெட்டியெடுத்த ஒரு சிறு கற்றையில் முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். கற்றை சூடானாலோ, நுரைத்தாலோ, இழுத்தால் அறுந்தாலோ அன்றைய வேலையை நிறுத்திவிட வேண்டியதுதான்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். நமது தோள்வரை முடிக்காரருக்கு ஐந்தாவது வாரத்தில் வகிட்டோரம் மறுபடி வெள்ளை தெரியத் தொடங்கும். அப்போது முழு முடிக்கும் மருதாணி பூசினால் பழைய நிறத்தின் மேல் புது நிறம் அடுக்கடுக்காக ஏறி, நுனி மட்டும் கருஞ்சிவப்பாகி நிற்கும். அதனால் உறைநிலையில் வைத்த விழுதை எடுத்து, பழைய பல் துலக்கியால் வேரோரத்தில் மட்டும் தொட்டுக்கொள்கிறார். கீழே தொங்குகிற நீள முடிக்கு அன்று இலைச்சாறும் ஒரு கரண்டி நெல்லிப்பொடியும் மட்டும்.